வீட்டுக்காரர் எழுத வேண்டிய அறிவிப்பு

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பல குடித்தனங்கள் இருக்கும் வீடுகளில் ஒரு காகிதம் ஒட்டப்படும். மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் அது இருக்கும். "வீட்டின் அருகில் பட்டாசு வெடிக்கக் கூடாது. வண்டிகளுக்குச் சேதம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல. இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்."

இதைப் படித்துவிட்டுக் குடித்தனக்காரர்கள் என்ன செய்வார்கள்? பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். "வாடகை மட்டும் மாதம் பிறந்ததும் வேண்டும். பண்டிகைக்குப் பிள்ளைகள் ஒரு மத்தாப்புக் கொளுத்தக் கூடாதா?" என்பார்கள். பிள்ளைகள் அதைப் படிப்பதே இல்லை. தீபாவளி அன்று காலை எல்லோரும் வழக்கம்போல் அதே வாசலில், அதே வண்டிகளுக்குப் பக்கத்தில் பட்டாசு வெடிப்பார்கள்.

நினைவூட்டுவது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய காரியம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஏன்? எங்கே வெடிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. எங்கே வெடிக்கலாம் என்று சொல்லவில்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் தன் பங்குக்கு என்ன செய்யப் போகிறார் என்றும் சொல்லவில்லை.

ஒரு நல்ல அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்? அதற்கு முதலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எட்டு வண்டிகள், நாலு அடி வழி

சென்னைத் திருவல்லிக்கேணியிலும் மதுரையின் மாசி வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளிலும் ஒரே மாதிரி வீடுகள் நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு குடித்தனம். முதல் மாடியில் இரண்டு. இரண்டாவது மாடியில் இரண்டு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் மாடிகளில் மட்டும் 16 பேர்.

இரும்புக் கேட்டைத் திறந்தால் ஒரு நடை. நீளம் 20 அடி, அகலம் 10 அடி. அதன் கோடியில் மாடிப்படி. அந்த நடையில்தான் வண்டிகள் நிற்கின்றன. ஒரு ஸ்கூட்டர் ஏறக்குறைய 6 அடி நீளம். சுவரைப் பார்த்தபடி குறுக்கே நிறுத்தினால், 10 அடியில் 6 அடி போய்விடும். மீதி 4 அடி. ஒரு வண்டிக்கு இரண்டரை அடி இடம் என்று வைத்தால் 20 அடி நீளத்தில் 8 வண்டிகள் நிற்கும். ஆறு குடித்தனத்துக்கு 8 வண்டி இருப்பது இந்தக் காலத்தில் அதிசயம் இல்லை.

ஆகவே கேட்டிலிருந்து படிக்கட்டு வரை 4 அடி வழி இருக்கிறது. அதில் செருப்பு அடுக்கும் பலகை ஒன்று. பிள்ளைகளின் சைக்கிள் ஒன்று. கடைசியில் வந்தவர் சாய்த்து நிறுத்திய வண்டி ஒன்று. கடைசியில் பார்த்தால் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கும் அளவுக்குத்தான் வழி இருக்கும்.

இன்னும் ஒன்று. அந்தப் படிக்கட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் மின்சார மீட்டர் பெட்டிகள் அங்கேதான் இருக்கும். தண்ணீர் மோட்டார் அங்கேதான். வீட்டுக்காரரின் பழைய கட்டில், உடைந்த கதவு, மிச்சமான பெயிண்ட் டப்பா எல்லாம் அங்கேதான். சில வீடுகளில் வாங்கிவந்த பட்டாசுப் பெட்டியையும் "மாடி ஏறித் தூக்குவானேன்?" என்று அங்கேயே வைத்துவிடுகிறார்கள்!

மாடியில் இருக்கும் 16 பேருக்கும் வெளியே வர இருப்பது இந்த ஒரே வழி.

முதலில் எரிவது பெட்ரோல் அல்ல

வண்டியில் தீப்பிடிப்பது என்றால் பெட்ரோல் டாங்கி குபீரென்று பற்றிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் இப்படி நடக்கும்.

வண்டியின் மேல் மழைக்காகப் போட்ட மூடுதுணி இருக்கிறது. அது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். ஒரு பொறி அதன் மடிப்பில் விழுகிறது. துணி உருகி ஓட்டை விழுகிறது, ஓரம் பற்றுகிறது. உருகிய துணி சொட்டுச் சொட்டாக சீட்டின் மேல் விழுகிறது. சீட்டின் மேலே ரெக்சின், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் நுரை ரப்பர். அந்த நுரை வேகமாக எரியும். கறுப்புப் புகையைக் கக்கும். அதன் பிறகு பிளாஸ்டிக் பாகங்கள் பற்றும். அதற்கும் பிறகுதான் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் எரிந்து பெட்ரோல் ஒழுகும். அப்போது தீ தரையோடு அடுத்த வண்டிக்கு ஓடும்.

இதில் பெட்ரோலின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சமையல் புகை மாதிரி மேலே போகாது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். தரைச்சக்கரமும் அகல்விளக்கும் இருப்பது அதே தரையில்தான். ஆகவே நடைக்குள் வரும்போது பெட்ரோல் வாசனை அடித்தால், எந்த வண்டி ஒழுகுகிறது என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். பண்டிகை முடியட்டும் என்று விடக்கூடாது.

ஆரம்பத்தில் துணியும் சீட்டும்தான் எரிகின்றன என்றால் நமக்குச் சற்று நேரம் கிடைக்கிறது. பக்கத்தில் ஒரு வாளி மணலோ தண்ணீரோ இருந்து, பார்க்க ஓர் ஆளும் இருந்தால், அப்போதே அணைத்துவிடலாம். ஆள் இல்லாவிட்டால் புகை கிளம்பிவிடும்.

மாடிப்படி ஒரு புகைபோக்கி மாதிரி. கீழே கிளம்பும் புகை நேராக மேலே இழுத்துக்கொண்டு போகும். தீ மாடிக்கு ஏறுவதற்கு முன்பே புகை ஏறிவிடும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். கீழே மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடை. மேலே தங்கும் விடுதி. கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாக மாடிகளை நிறைத்தது. 8 பேர் இறந்தார்கள். அது பட்டாசினால் வந்த தீ அல்ல. ஆனால் கீழே வண்டிகள், மேலே மனிதர்கள், நடுவே படிக்கட்டு என்ற அமைப்பு நம் வீடுகளிலும் அதேதான்.

மழை வரும்போதுதான் ஆபத்து

நம் ஊரில் தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அது அடைமழைக் காலம். இதை எந்த வீட்டுக்காரரின் அறிவிப்பும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது பட்டாசுக்கு நேரக் கணக்கும் உண்டு. 2018-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. அதன்படி தமிழ்நாட்டில் காலை 6 மணி முதல் 7 மணி வரை, இரவு 7 மணி முதல் 8 மணி வரை என்று அரசு அறிவித்து வருகிறது.

இரவு 7 மணி ஆகிறது. ஆறு வீட்டுப் பிள்ளைகளும் தெருவில் நிற்கிறார்கள். ஏழேகாலுக்கு மழை கொட்டுகிறது. எட்டு மணிக்கு நேரம் முடிந்துவிடும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பட்டாசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வண்டி நிற்கும் நடையில் ஏறுவார்கள். "வெடி வேண்டாம், மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும் கொளுத்துங்கள்" என்று பெரியவர்களே சொல்வார்கள். மத்தாப்பு ஒன்றும் செய்யாது என்று அவர்கள் எண்ணம்.

புஸ்வாணத்தைத் தெருவில் பார்த்திருக்கிறீர்கள். ஆள் உயரத்தைத் தாண்டி எழும்பும். நடையின் கூரையோ எட்டு, ஒன்பது அடி உயரம்தான். பொறி எழும்பிக் கூரையில் முட்டும். மேலே போக வழி இல்லாமல் நாலு பக்கமும் சிதறும். எங்கே விழும்? வண்டிகளின் மேலேதான்.

கம்பி மத்தாப்பு அதைவிட மோசம். அதன் நுனி ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடும். கொதிக்கும் தண்ணீர் நூறு டிகிரி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி அணைந்த பிறகும் கம்பி சூடாகவே இருக்கும். குழந்தை அதை அப்படியே கீழே போடுகிறது. அது வண்டிக்கு அடியில் உருண்டு போகிறது. எண்ணெய் சொட்டிய தரை, காய்ந்த காகிதம், தொங்கும் மூடுதுணி. அடுத்த மத்தாப்பு எரியும்போது முந்தைய கம்பியை யார் பார்க்கிறார்கள்?

ஆகவே வீட்டுக்காரர் எழுத வேண்டிய முதல் வரி இதுதான்: "மழை வந்தால் பட்டாசுப் பெட்டியை மூடிவிட வேண்டும். நடையில், படிக்கட்டில், மாடி வராந்தாவில் மத்தாப்புக்கூடக் கொளுத்தக் கூடாது." காலையில் பெய்தால் இரவு ஒரு மணி நேரம் இருக்கிறது. இரவிலும் பெய்தால் அந்த வருஷம் பட்டாசு கொஞ்சம் மிச்சம். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மழையில் நனைந்துகொண்டு நிற்கும் பிள்ளையிடம் அப்போது சொன்னால் அழத்தான் செய்யும்.

நனைந்த பட்டாசை அடுப்புப் பக்கத்திலும் மின்சாதனங்களின் மேலும் வைத்துக் காயவைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது அறவே கூடாது.

எங்கே வெடிக்கலாம்?

கூடாது என்று சொல்லிவிட்டால் போதுமா? இடத்தைக் காட்ட வேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டுக்கே வருவோம். 8 வண்டிகளையும் வெளியே எடுத்துவிட்டால் நல்லது. ஆனால் தெருவோ குறுகல். எட்டையும் தெருவில் விட்டால் பட்டாசு வெடிக்க இடம் இல்லை. ஆகவே இப்படிச் செய்யலாம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 3 வண்டிகளை முதல் நாள் மாலையே வெளியே எடுத்து, கேட்டுக்கு இடது பக்கம் தள்ளி நிறுத்த வேண்டும். இப்போது படிக்கட்டின் முன்னால் ஏழரை அடி நீளத்துக்கு முழு அகலமும் காலி. மீதி 5 வண்டிகள் கேட்டுப் பக்கமாக இருக்கலாம். எல்லா வண்டிகளிலிருந்தும் மூடுதுணியைக் கழற்றிவிட வேண்டும். வண்டி நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

பட்டாசு வெடிப்பது கேட்டுக்கு வலது பக்கம், வண்டிகளிலிருந்து முப்பது அடியாவது தள்ளி. மேலே மின்சாரக் கம்பி, பந்தல், பக்கத்து வீட்டுக் கீற்று எதுவும் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரரின் கார் அந்தப் பக்கம் நின்றால் முதல் நாளே போய்ச் சொல்லிவிட வேண்டும். பண்டிகை அன்று காலையில் சொன்னால் சண்டைதான் வரும்.

ராக்கெட் மட்டும் இந்த வட்டத்துக்கு அடங்காது. காலி பாட்டிலில் நிறுத்திக் கொளுத்துகிறோம். பாட்டில் சாய்ந்தால் அது கேட்டுக்குள்ளேயே பாயும். பாட்டிலில் பாதிவரை மணல் போட்டால் சாயாது. ஆனாலும் மேலே போனபின் காற்று எங்கே தள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது. வீடுகள் நெருங்கிய சந்தில் ராக்கெட் வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளைகள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முதல் நாள் இரவே சார்ஜ் ஏற்றி முடித்துவிட்டு ஒயரைச் சுருட்டிவிடுங்கள். பண்டிகை அன்று படிக்கட்டின் குறுக்கே ஒயர் கிடக்கக் கூடாது. அந்த வண்டியின் பாட்டரி பற்றிக்கொண்டால் மணல் வாளியால் அணைக்க முடியாது. எட்ட விலகி 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்வதுதான் வழி.

விளக்கும் தோரணமும்

அலங்காரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தெர்மோகோல், ஜிகினாக் காகிதம், பிளாஸ்டிக் தோரணம் மூன்றையும் நடையின் கூரையிலும் படிக்கட்டுக் கைப்பிடியிலும் கட்டாதீர்கள். தெர்மோகோல் எரிந்தால் உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு எரிந்துகொண்டே விழும். மாவிலைத் தோரணம் அப்படிப் பற்றாது. அழகிலும் அதற்குக் குறைவில்லை.

சீரியல் விளக்கு ஒயரை இரும்புக் கேட்டிலும் இரும்புக் கைப்பிடியிலும் சுற்றுகிறார்கள். ஒயரின் மேல் தோல் கிழிந்திருந்தால், மழையில் அந்தக் கேட்டு முழுவதிலும் மின்சாரம் பாயும். திறக்க வருகிறவன் பிடிப்பது அதைத்தான். இரும்பில் சுற்றாமல் மேலே நூல் கயிறு கட்டித் தொங்கவிடலாம். முதல் நாள் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்தச் செட்டு வேண்டாம். அகல்விளக்கை வண்டி வரிசையின் பக்கம் வைக்காமல், தெருவைப் பார்த்த வாசல்படியில் மட்டும் வையுங்கள்.

வீட்டுக்காரரின் பங்கு

இதுவரை சொன்னதெல்லாம் குடித்தனக்காரர்களுக்கு. அறிவிப்பு இதோடு நின்றால் அது பாதி அறிவிப்புத்தான்.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பழைய கட்டிலும் கதவும் பெயிண்ட் டப்பாவும் யாருடையவை? வீட்டுக்காரருடையவை! மீட்டர் பெட்டிக்கு முன்னால் கட்டிலைச் சாத்தி வைத்துவிட்டுக் குடித்தனக்காரரின் பிள்ளையிடம் "ஜாக்கிரதையாக இரு" என்று சொன்னால், அந்தப் பிள்ளை சிரிக்காதா? காகிதம் ஒட்டுவதற்கு முன்னால் அவர் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டு வாளி மணலும் இரண்டு வாளி தண்ணீரும் கேட்டின் பக்கத்தில் அவர் செலவில் இருக்க வேண்டும். தண்ணீர் வாளி முக்கியமாக மத்தாப்புக் கம்பிகளைப் போடுவதற்கு. மணல், துணியும் சீட்டும் பற்றும்போது கொட்டுவதற்கு. பெட்ரோல் ஒழுகி எரியும்போது தண்ணீரை ஊற்றக் கூடாது; எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவிவிடும்.

பூட்டும் அவர் கையில்தான் இருக்கிறது. திருட்டுப் பயத்தால் இரவு கேட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துக்கொள்வார். தீபாவளி அன்று விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே எண்ணெய் தேய்த்துக்கொள்ள எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். அடுப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது. அப்போது கேட்டும் மொட்டைமாடிக் கதவும் பூட்டியிருக்கக் கூடாது. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தால் படிக்கட்டில் ஏறும் புகைக்கு வெளியே போக வழி கிடைக்கும்.

"வண்டிக்குச் சேதம் வந்தால் பொறுப்பல்ல" என்ற வரியையும் மாற்றலாம். அதற்குப் பதில், "உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் காகிதத்தைப் பாருங்கள்" என்று எழுதினால் பயன் உண்டு. இரு சக்கர வண்டி வைத்திருக்கும் பலர் மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் மட்டுமே கட்டுகிறார்கள். நம் வண்டியால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்குத்தான் அதில் பணம் உண்டு. நம் வண்டி எரிந்தால் அதில் ஒரு காசு வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் கட்டியிருந்தால், தீயினால் வரும் நஷ்டம் அதில் சேரும். இது தெரிந்தால், "என் வண்டியை ஏன் நகர்த்த வேண்டும்?" என்று கேட்கிறவரும் நகர்த்திவிடுவார்.

புகை வந்தால்

மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டால் அதற்குள் புகுந்து கீழே ஓடாதீர்கள். மேலேயும் ஓடாதீர்கள், புகையும் மேலேதான் வருகிறது. வாசல் கதவைச் சாத்துங்கள். ஈரத் துணியைக் கதவின் அடியில் உள்ள இடுக்கில் திணியுங்கள். தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் குரல் கொடுங்கள். 101-க்குப் போன் செய்து தெருவின் பெயரையும் பக்கத்து அடையாளத்தையும் சொல்லுங்கள். கீழே இருப்பவர்கள் மீட்டர் பெட்டியை நெருங்க முடிந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணைக்கலாம்.

மறுநாள் காலை வாசலைப் பெருக்குகிறோம். வெடிக்காத வெடிகளும் காகிதக் குப்பையும் கலந்து கிடக்கும். பெருக்குகிறவர்கள் அதை வசதிக்காக வண்டிகள் நிற்கும் சுவர் ஓரமாகத் தள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு பையன் அதில் திரி உள்ள வெடியைப் பொறுக்கி அங்கேயே பற்றவைப்பான். குப்பையைத் தெருவின் நடுவிலேயே கூட்டி, தண்ணீர் வாளியைக் கவிழ்த்து, நன்றாக ஊறிய பிறகு தொட்டியில் போடுங்கள். மத்தாப்புக் கம்பிகளைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். வெறுங்கையால் குப்பை அள்ளுகிறவர்களின் கையில் அவை குத்தும். எடுத்த 3 வண்டிகளையும் அதற்குப் பிறகு உள்ளே விடலாம்.